லொக் ஆன இன்டர்நெட் பேங்கிங்: மேனேஜருக்கு குடுக்கிற லெட்டர்ல என்ன எழுதணும்?

கேள்வி: சேர், நான் பொகவந்தலாவ பக்கம் ஒரு தோட்டப் பாடசாலையில டீச்சரா இருக்கேன். போன ஞாயித்துக்கிழமை ராத்திரி எட்டரை மணி போல மகளுக்கு கம்பஸ் போர்டிங் காசு அனுப்ப இன்டர்நெட் பேங்கிங் போனேன், பாஸ்வேர்ட் மறந்துருச்சு. நான் ரெண்டு தரம் அடிச்சேன், மகன் மூணு தரம் அடிச்சான், `User ID is locked`னு வந்துருச்சு. ஹட்டன் பிராஞ்சுக்கு போன் எடுத்தா மேனேஜருக்கு ஒரு லெட்டர் எழுதி கொண்டாங்கன்னு சொல்றாங்க. என்ன எழுதணும், தமிழ்ல எழுதலாமா? இன்னொண்ணு, எக்கவுண்ட் தொடங்குறப்ப குடுத்த போன் நம்பர் இப்ப என்கிட்ட இல்ல, அந்த போன் தொலைஞ்சு ஒரு வருசம் ஆகுது, இப்ப வேற சிம் தான். அது பிரச்சினையா? சம்பளமும் அந்த எக்கவுண்டுக்கு தான் வருது, பயமா இருக்கு.

பதில்: டீச்சர், சம்பளம் வரும், அதப் பத்தி பயப்படாதீங்க. பூட்டிக்கிட்டது இன்டர்நெட் வழியா உள்ள போற கதவு மட்டும் தான், எக்கவுண்டுக்கு ஒண்ணும் ஆகல. காசு வழமை போல வந்து விழும், கார்ட் இருந்தா ஏடிஎம்ல எடுக்கலாம், இல்லாட்டி பாஸ்புக்கோட கவுண்டர்ல எடுக்கலாம். மகளுக்கு அவசரம்னா பிராஞ்சுக்கு போற அன்னைக்கே ஒரு ஸ்லிப் எழுதி அவ எக்கவுண்டுக்கு போட்டு விட்ருங்க, பெறகு மத்தத நிதானமா பாக்கலாம். இந்த விசயத்துல ஆக்கள் தப்பு விடுறது எல்லாம் அவசரத்துல தான்.

அந்த பழைய நம்பர் கத இருக்கே, கேள்வியில கடைசியா "இன்னொண்ணு"ன்னு போட்டு எழுதியிருக்கீங்க, நான் அத தான் மொதல்ல எடுக்கப்போறேன், ஏன்னா அத விட்டுட்டு நீங்க எவ்வளவு அழகா லெட்டர் எழுதினாலும் வேலை நடக்காது.

நான் மலைநாட்டுல மூணு பிராஞ்சுல 26 வருசம் இருந்துட்டு ரிட்டயர் ஆனவன், கடைசி எட்டு பத்து வருசமும் இந்த மாதிரி லெட்டர் தான் என் மேசைக்கு நெறைய வந்துச்சு. அதுல முக்காவாசி ரெண்டே வரி தான் இருக்கும், "எனது இன்டர்நெட் பேங்கிங் வேலை செய்யவில்லை, தயவு செய்து சரி செய்து தரவும்", கீழ ஒரு கையெழுத்து. எக்கவுண்ட் நம்பர் இல்ல, யூசர் ஐடி இல்ல, போன் நம்பர் இல்ல, என்ன வேலை செய்யலன்னும் இல்ல. ஒரு தடவ அப்படி ஒரு லெட்டர ஒரு தாத்தா கவுண்டர்ல குடுத்துட்டு போயிட்டாரு, நானும் பெறகு பாப்போம்னு ட்ரேயில போட்டேன், பாக்கும்போது அந்தப் பேர்ல எங்க பிராஞ்சுல எட்டு பேர் இருக்காங்க. யாருன்னு புடிக்கவே நாலு நாள் ஆச்சு, அது என் தப்பு தான், வாங்கும்போதே கேட்டிருக்கணும். ஆனா இப்பவும் கவுண்டர்ல கூட்டம் இருக்கிற நாள்ல வாங்குறவங்க கேக்க மாட்டாங்க, அதனால நீங்களே எழுதிட்டு போறது நல்லம்.

இப்ப விசயத்துக்கு வருவோம். நீங்க "லொக்க எடுத்து விடுங்க"ன்னு ஒரே வேலையா நெனக்கிறீங்க, பேங்குக்கு அது மூணு வேலை. பூட்டுன யூசர் ஐடிய தொறந்து விடுறது ஒண்ணு. புது தற்காலிக பாஸ்வேர்ட் அனுப்புறது இன்னொண்ணு. பேங்க்ல பதிஞ்சிருக்கிற போன் நம்பர மாத்துறது மூணாவது. சில பேங்க்ல மூணுக்கும் ஒரே படிவத்துல மூணு கட்டம் இருக்கும், சில எடத்துல நம்பர் மாத்த தனி படிவம். எப்படி இருந்தாலும் நீங்க கேக்காதத அவங்க செய்ய மாட்டாங்க, செய்யவும் கூடாது.

லொக்க எடுங்கன்னு மட்டும் எழுதினா என்ன நடக்கும்னு பாருங்க. எடுத்து விட்ருவாங்க, உங்களுக்கு இன்னும் பழைய பாஸ்வேர்ட் ஞாபகம் வந்திருக்காது, வீட்டுக்கு வந்து மறுபடி அடிப்பீங்க, மறுபடி பூட்டிக்கும். லொக்க மட்டும் எடுத்தா போதும்ங்கிறது யாருக்குன்னா, பாஸ்வேர்ட் நல்லா தெரியும், ஆனா கை தவறி அடிச்சிட்டேன்ங்கிறவங்களுக்கு. சில பேங்க்ல அப்படி பூட்டினது 24 மணித்தியாலத்துல தானாவே தொறந்துக்கும், சில பேங்க்ல பேங்க்காரங்க தான் தொறக்கணும். எத்தன தரம் தப்பா அடிச்சா பூட்டும்ங்கிறதும் அப்படி தான், ஒரு எடத்துல மூணு, ஒரு எடத்துல அஞ்சு. உங்களுக்கு அஞ்சுல பூட்டியிருக்கு போல.

பழைய பாஸ்வேர்ட் என்னன்னு சொல்லுங்கன்னும் கேட்டு எழுதுவாங்க சில பேர். மேனேஜரால அத பாக்க முடியாது டீச்சர், ஹெட் ஆபிஸ்ல இருக்கிறவங்களாலயும் முடியாது. சிஸ்டம் அத திரும்ப வாசிக்க முடியாத மாதிரி உருவத்துல தான் வச்சிருக்கும், நீங்க அடிக்கிறதையும் அதே மாதிரி மாத்தி ரெண்டும் ஒண்ணான்னு மட்டும் பாக்கும். அதனால மறந்த பாஸ்வேர்ட் போனது போனது தான், புதுசு தான் வரும்.

அந்தப் புதுசு எங்க வரும்? பெரும்பாலும் பேங்க்ல பதிஞ்சிருக்கிற போன் நம்பருக்கு எஸ்எம்எஸ்ஸா வரும், சில எடத்துல ஈமெயிலுக்கு. இங்க தான் உங்களுக்கு சிக்கல். லெட்டர் போகுது, ஆபிசர் செக் பண்றாரு, எல்லாம் சரி, பட்டன அமத்துறாரு, பாஸ்வேர்ட் ஒரு வருசத்துக்கு முன்ன தொலைஞ்ச நம்பருக்கு போயிருது. பேங்க் கணக்குல வேலை முடிஞ்சது. நீங்க ரெண்டு நாள் போன பாத்துக்கிட்டே இருப்பீங்க. ஸ்கிரீன்ல `Forgot Password`னு ஒண்ணு இருக்கும், அத அமத்தினாலும் இதே கத தான், ஓடிபி பழைய நம்பருக்கு தான் போகும், அதனால அத தொட வேணாம். இதுல இன்னும் மோசம் என்னன்னா, பாவிக்காம விட்ட ப்ரீபெய்ட் நம்பர கம்பெனி கொஞ்ச காலம் பாத்துட்டு வேற ஆளுக்கு குடுத்துரும். அப்ப உங்க பேங்க் மெசேஜ் எல்லாம் யாரோ முகம் தெரியாத ஒருத்தர் போனுக்கு போகும், உங்களுக்கு எவ்வளவு சம்பளம் வருதுன்னு அவருக்கு தெரியும், உங்களுக்கு மெசேஜ் வர்றதில்ல. ஒரு வருசமா சம்பள மெசேஜ் வரலன்னா அப்பவே யோசிச்சிருக்கணும், சரி விடுங்க.

அதனால பிராஞ்சுக்கு போக முன்ன ஒரு முடிவு எடுக்கணும், பழைய நம்பர திருப்பி எடுக்கிறதா, புது நம்பர பதியிறதா. பழைய சிம் உங்க பேர்லயே எடுத்ததா இருந்து, நம்பர் இன்னும் வேற யாருக்கும் போகாம இருந்தா, அடையாள அட்டையோட அந்த கம்பெனி ஷொப்புக்கு போனா அதே நம்பர்ல புது சிம் தருவாங்க. அது கெடச்சா பேங்க்ல நம்பர் மாத்துற வேலையே இல்ல. ஆனா நம்ம பக்கம் எப்படின்னா, சிம் அண்ணன் பேர்ல இருக்கும், இல்லாட்டி டவுன்ல கொமினிகேசன்காரர் யாரோட ஐடியிலயோ போட்டு குடுத்ததா இருக்கும். அப்படின்னா அத துரத்திக்கிட்டு அலையாதீங்க, இப்ப கையில இருக்கிறத பதியுங்க. அதுக்கும் முன்ன இந்தப் புது சிம் யார் பேர்லன்னு பாத்துக்கோங்க. மகன் பேர்ல, வீட்டுக்காரர் பேர்ல இருந்தா உங்க பேருக்கு மாத்திட்டு போங்க, இல்லாட்டி நாளைக்கு இந்த போனும் தொலைஞ்சா மறுபடி இதே எடத்துல தான் நிப்பீங்க.

தமிழ்ல எழுதலாமான்னு கேட்டீங்க, தாராளமா எழுதலாம். ஹட்டன்ல தமிழ் வாசிக்க தெரிஞ்ச ஆபிசர் இல்லாத பேங்க் இருக்கும்னு நான் நெனக்கல. ஆனா ஒரு விசயம், பல பேங்க்ல இந்த வேலைய பிராஞ்சே செய்யாது, லெட்டர ஸ்கேன் பண்ணி கொழும்புல ஹெட் ஆபிசுக்கு அனுப்பும், அங்க அத எடுக்கிற பொடியனுக்கு தமிழ் தெரியுமோ தெரியாதோ. அதனால லெட்டர் தமிழ்ல இருக்கட்டும், பேர் மட்டும் பாஸ்புக்ல எப்படி இங்கிலீஷ்ல இருக்கோ அப்படியே கெப்பிட்டல் எழுத்துல எழுதுங்க, யூசர் ஐடியையும் ஸ்கிரீன்ல அடிக்கிற மாதிரியே எழுதுங்க, நம்பர் எல்லாம் தெளிவா இருக்கட்டும். தமிழ் தெரியாத ஆளுக்கும் அந்த நாலு விசயம் போதும். நல்ல இங்கிலீஷ்ல எழுதணும்னு பக்கத்து வீட்டு ஆள்கிட்ட குடுத்து அவர் "கணக்க மூடுங்க"ங்கிற மாதிரி எழுதி வச்ச லெட்டர் எல்லாம் நான் பாத்திருக்கேன்.

சரி, உங்களுக்கு நான் எழுதினா இப்படி எழுதுவேன், கோடு போட்ட எடத்த நீங்க நிரப்பிக்கோங்க:

> திகதி: ………
>
> கிளை முகாமையாளர்,
> ……… வங்கி,
> ஹட்டன் கிளை.
>
> ஐயா / அம்மணி,
>
> முடக்கப்பட்ட இணைய வங்கிச் சேவையை மீள இயங்கச் செய்தல், புதிய தற்காலிக கடவுச்சொல் பெறுதல், கையடக்கத் தொலைபேசி இலக்கத்தை மாற்றுதல்
>
> பெயர் (பாஸ்புக்கில் உள்ளபடி): ………
> சேமிப்புக் கணக்கு இலக்கம்: ………
> தேசிய அடையாள அட்டை இலக்கம்: ………
> இணைய வங்கிப் பாவனையாளர் பெயர்: ………
>
> மேற்படி கணக்கின் இணைய வங்கிச் சேவையை நான் பயன்படுத்தி வருகிறேன். கடந்த ……… ஞாயிற்றுக்கிழமை இரவு சுமார் 8.30 மணிக்கு கடவுச்சொல்லை மறந்த நிலையில் எனது வீட்டில், எனக்குத் தெரிந்தே, ஐந்து தடவைகள் தவறான கடவுச்சொல் உள்ளிடப்பட்டதால் சேவை முடக்கப்பட்டது. திரையில் User ID is locked என்ற செய்தி காணப்பட்டது. அதன் பின்னர் நான் மீண்டும் முயற்சிக்கவில்லை.
>
> உங்களிடம் பதிவிலுள்ள ……… என்ற தொலைபேசி இலக்கம் சுமார் ஒரு வருடமாக என் பாவனையில் இல்லை. அதனை நீக்கி, எனது பெயரில் பதிவு செய்யப்பட்டுள்ள ……… என்ற இலக்கத்தைப் பதிவு செய்யும்படி முதலில் கேட்டுக்கொள்கிறேன். அதன் பின்னர் எனது பாவனையாளர் பெயரின் முடக்கத்தை நீக்கி, புதிய தற்காலிக கடவுச்சொல்லைப் புதிய இலக்கத்திற்கு மாத்திரம் அனுப்பி வைக்கும்படி கேட்டுக்கொள்கிறேன்.
>
> பழைய இலக்கம் என்னிடம் இல்லாதிருந்த காலத்தில் இக்கணக்கில் இணையவழியாக நடைபெற்ற கொடுக்கல் வாங்கல்களின் கணக்குக் கூற்றையும் தந்துதவவும்.
>
> அடையாள அட்டையின் பிரதியும் பாஸ்புக்கின் முதற்பக்கப் பிரதியும் இத்துடன் இணைக்கப்பட்டுள்ளன.
>
> இப்படிக்கு,
> (கையொப்பம்)
> பெயர், முகவரி, தொலைபேசி இலக்கம்

இதுல சில வரிகள் ஏன்னு சொல்றேன். "அதன் பின்னர் நான் மீண்டும் முயற்சிக்கவில்லை"ங்கிறது ஒரு சின்ன வரி, ஆனா செக் பண்றவருக்கு பெரிய உதவி. அவர் சிஸ்டத்துல பாக்கும்போது ஞாயித்துக்கிழமை எட்டரைக்கு அஞ்சு தடவ இருந்தா ஒங்க கதையோட பொருந்துது, வேலை நடக்கும். திங்கக்கிழமை விடிய ரெண்டு மணிக்கு இன்னும் நாலு தடவ இருந்தா அது நீங்க இல்ல, வேற யாரோ கதவ தட்டிப் பாத்திருக்காங்க. அதனால இப்ப இருந்து அந்தப் பக்கத்த தொடாதீங்க, மகனையும் தொட விடாதீங்க, ஒரு தடவ பாப்போமேன்னு கூட வேணாம்.

மகன் அடிச்சத எழுதணுமான்னு உங்களுக்கு ஒரு யோசனை இருக்கும். "நானே ஐந்து தடவை" ன்னு எழுதாதீங்க, அது உண்மை இல்ல, பின்னால ஏதாவது பிரச்சினை வந்து விசாரிச்சா நீங்க எழுதிக் குடுத்ததே உங்களுக்கு எதிரா நிக்கும். அதுக்காக குடும்பக் கத முழுசா எழுதவும் தேவையில்ல. "எனது வீட்டில், எனக்குத் தெரிந்தே"ன்னு எழுதினா உண்மையும் இருக்கு, பேங்குக்கு வேண்டியதும் இருக்கு. அவங்களுக்கு வேண்டியது இது வெளி ஆள் வேலையா இல்லையாங்கிறது மட்டும் தான். ஆனா கேட்டா மறைக்காம சொல்லுங்க.

"முதலில்", "அதன் பின்னர்", "புதிய இலக்கத்திற்கு மாத்திரம்", இந்த மூணையும் வேணும்னு தான் போட்டேன். நம்பர் மாத்துறது ஒரு ஆள் மேசையில, பாஸ்வேர்ட் ரீசெட் வேற ஆள் மேசையில நடக்கும், யார் முந்துறாங்கன்னு சொல்ல முடியாது. ரீசெட் முந்திட்டா பாஸ்வேர்ட் பழைய நம்பருக்கு போயிரும்.

லெட்டர்ல எழுதக்கூடாததும் இருக்கு. "எனது பழைய பாஸ்வேர்ட் இதுவாக இருக்கலாம்"னு மூணு பாஸ்வேர்ட் எழுதி கொண்டாந்து குடுத்த ஆள் இருக்காரு. ஏடிஎம் பின் நம்பர எழுதினவங்க இருக்காங்க. அந்த லெட்டர் அஞ்சு கை மாறி, ஸ்கேன் ஆகி, பைல்ல வருசக்கணக்கா கெடக்கும். கார்ட் நம்பர் கூட தேவையில்ல, கேட்டா மட்டும் குடுங்க.

கையெழுத்து விசயத்துல டீச்சர்மார் தான் ஜாஸ்தி மாட்டுவாங்க, கோவிக்காதீங்க. எக்கவுண்ட் தொடங்கும்போது தமிழ்ல முழுப்பேர் எழுதி வச்சிருப்பாங்க, பெறகு ஸ்கூல்ல ரெஜிஸ்டர்ல ஒரு நாளைக்கு நூறு தரம் கையெழுத்து போட்டு போட்டு அது சுருங்கி ஒரு கோடும் புள்ளியுமா மாறியிருக்கும். பேங்க்ல உங்க பழைய கையெழுத்து ஸ்கேன் பண்ணி வச்சிருக்கு, ஆபிசர் அத ஸ்கிரீன்ல எடுத்து லெட்டர்ல இருக்கிறதோட வச்சு பாப்பாரு, பொருந்தலன்னா லெட்டர் திரும்பி வந்துரும், அதுவும் ஹெட் ஆபிசுக்கு போய் ரெண்டு நாள் கழிச்சு திரும்பி வரும். தொடங்கும்போது எப்படி போட்டீங்கன்னு ஞாபகம் இல்லன்னா வீட்டுலயே கையெழுத்து போட்டு கொண்டு போகாதீங்க, எடத்த வெறுமையா விட்டு, ஆபிசர் முன்னாடி போடுங்க, கையெழுத்த மாத்த ஒரு படிவம் இருக்கு, தேவைன்னா அதையும் அங்கயே நிரப்பலாம். பேரும் அப்படி தான். ஐடியில அப்பா பேர் முன்னாடி முழுசா இருக்கும், பாஸ்புக்ல முதலெழுத்து மட்டும் இருக்கும், கல்யாணத்துக்கு பெறகு எடுத்த ஐடியில வீட்டுக்காரர் பேர் வந்திருக்கும். லெட்டர்ல பாஸ்புக் பேர எழுதுங்க. ஐடியில பேர் மாறியிருந்தா விவாகச் சான்றிதழ் கொப்பி ஒண்ணையும் பைக்குள்ள வச்சுக்கோங்க. எக்கவுண்ட்ல பழைய ஒம்பது இலக்க ஐடி நம்பர், V எழுத்தோட, பதிஞ்சிருந்து இப்ப உங்க கையில பன்னெண்டு இலக்க புது ஐடி இருந்தா லெட்டர்ல ரெண்டு நம்பரையும் எழுதிருங்க.

லெட்டர யார்கிட்டயும் குடுத்து அனுப்பாதீங்க, தபால்லயும் போடாதீங்க. போன் நம்பர் மாத்துறதுக்கு உங்க முகத்தையும் ஒரிஜினல் ஐடியையும் பாக்காம எந்த ஆபிசரும் கை வைக்க மாட்டாரு. அடுத்தவன் உங்க பேர்ல வந்து நம்பர மாத்திட்டா உங்க எக்கவுண்டே அவன் கையில, அந்தப் பயம் தான். ஸ்கூல் ஒன்றரைக்கு விட்டு, பஸ் புடிச்சு நோர்வூட், டிக்கோயா தாண்டி ஹட்டன் போய் சேர மூணு மணிக்கு கவுண்டர் மூடியிருக்கும், அதனால அரை நாள் லீவு போட்டு காலையில போங்க. சம்பள நாளும் அதுக்கு அடுத்த நாளும் வேணாம். பொகவந்தலாவயிலயே உங்க பேங்கோட கிளை இருந்தா அங்க குடுக்கலாமான்னு போன்ல கேட்டுப் பாருங்க, பல பேங்க் வாங்கிக்கும்.

ரெண்டு கொப்பி எடுத்துட்டு போங்க. ஒண்ணுல வாங்கினதுக்கு சீல் வச்சு, திகதி போட்டு, ஆபிசர் கையெழுத்தோட திரும்பி வாங்கிக்கோங்க. அப்ப அவர்கிட்ட ரெண்டு கேள்வி மட்டும் கேளுங்க: இத இங்கயே செய்வீங்களா ஹெட் ஆபிசுக்கு அனுப்புவீங்களா, தற்காலிக பாஸ்வேர்ட் வந்தா எவ்வளவு நேரத்துக்குள்ள பாவிக்கணும். முதல் கேள்விக்கு பதில் தெரிஞ்சா எப்ப பயப்படணும்னு உங்களுக்கு தெரியும். பிராஞ்சுல செய்யிறதா இருந்தாலும் ஒருத்தர் அடிக்க இன்னொருத்தர் அனுமதிக்கணும், அதனால "ஒரு பட்டன் தானே சேர்"னு நின்னுக்கிட்டு இருந்தாலும் உடனே நடக்காது. ரெண்டாவது கேள்வி ஏன்னா, அந்த தற்காலிக பாஸ்வேர்டுக்கு ஆயுசு கம்மி, வர்ற அன்னைக்கே பாவிக்கணும்னு வச்சுக்கோங்க. உங்க வீட்டுப் பக்கம் சிக்னல் இல்லாத எடம்னா ராத்திரி வந்த மெசேஜ அடுத்த நாள் டவுனுக்கு போகும்போது தான் பாப்பீங்க, அதுக்குள்ள அது செத்துப் போயிருக்கும்.

இன்னொரு கூத்து இருக்கு, அத கட்டாயம் சொல்லணும். புது பாஸ்வேர்ட் வந்த பெறகும் ஒரே கிழமையில மறுபடி மறுபடி லொக் ஆகுற ஆக்கள் இருக்காங்க. என் பிராஞ்சுல ஒரு கடைக்கார அம்மாவுக்கு மூணு தடவ ரீசெட் பண்ணி குடுத்தோம், மூணு தடவையும் பூட்டிக்கிச்சு, யாரோ ஹேக் பண்றாங்கன்னு அழுதுட்டாங்க. கடைசியில போன வாங்கி பாத்தா, ப்ரவுசர் பழைய பாஸ்வேர்ட சேமிச்சு வச்சிருக்கு, பக்கம் தொறந்ததும் அதுவே கட்டத்துல புள்ளி புள்ளியா நிரப்பிருது, அந்தம்மா புதுசு தான் இருக்குன்னு நெனச்சு லொகின் பட்டன அமத்துறாங்க. அதனால புதுசு வர்றதுக்கு முன்னாடியே குரோம்ல `Settings` போய் `Password Manager`ல பேங்க் பேர தேடி பழசை அழிச்சிருங்க. மகன் போன்ல, கொம்பியூட்டர்ல சேமிச்சிருந்தா அங்கயும்.

தற்காலிக பாஸ்வேர்ட அடிக்கும்போது கீபோர்ட் இங்கிலீஷ்ல இருக்கான்னு பாருங்க, போன் முதல் எழுத்த தானா கெப்பிட்டல் ஆக்கிரும், அத கவனிங்க. எஸ்எம்எஸ்ல இருந்து கொப்பி பண்ணி போட்டா கடைசியில ஒரு வெறும் இடைவெளியும் ஒட்டிக்கிட்டு வரும், கண்ணுக்கு தெரியாது, சிஸ்டத்துக்கு அது தப்பான பாஸ்வேர்ட். பூச்சியத்தையும் ஓ எழுத்தையும் மாத்தி அடிக்கிறது வேற. பாஸ்வேர்ட் கட்டத்துக்கு பக்கத்துல கண் மாதிரி ஒரு படம் இருந்தா அத அமத்தி என்ன அடிச்சிருக்கோம்னு பாத்துட்டு போங்க. ரெண்டு தடவ தப்பினா நிறுத்திருங்க, மூணாவது தடவ அடிக்காம கார்டுக்கு பின்னாடி இருக்கிற ஹொட்லைனுக்கு எடுங்க.

இந்த நாட்கள்ல யாராவது "பேங்க்ல இருந்து பேசுறேன் டீச்சர், உங்க லொக்க எடுத்து விடுறேன், இப்ப ஒரு நம்பர் வரும் சொல்லுங்க"ன்னு போன் எடுத்தா வச்சிருங்க. ஃபேஸ்புக்ல பேங்கோட பக்கத்துக்கு கீழ "என் எக்கவுண்ட் லொக் ஆயிருச்சு, இது என் நம்பர்"னு கொமென்ட் போட்ருவாங்க சில பேர், அத பாத்துட்டு தான் அந்தக் கூட்டம் எடுக்கும், தமிழ்லயும் நல்லா பேசுவாங்க. நெஜமான பேங்க்காரர் உங்க லெட்டர் பத்தி சந்தேகம் கேக்க எடுக்கலாம், எடுத்தா எக்கவுண்ட் விவரம் சரி பாப்பாரு, ஓடிபி கேக்க மாட்டாரு.

உள்ள போனதும் மொதல் வேலை பாஸ்வேர்ட மாத்துறது, சிஸ்டமே கேக்கும். ரெண்டாவது, கூற்ற பாருங்க. லெட்டர்ல அந்தக் கணக்குக் கூற்று வரிய நான் சேத்தது அதுக்கு தான், ஒரு வருசமா மெசேஜ் வராம இருந்திருக்கு, நீங்க போடாத ஒரு கொடுப்பனவு இருந்தா அத அன்னைக்கே எழுத்துல குடுக்கணும். மூணாவது, காசு அனுப்புற ஆக்களோட பட்டியல்ல உங்களுக்கு தெரியாத எக்கவுண்ட் ஏதும் சேந்திருக்கான்னு பாருங்க. பெறகு மகளுக்கு ஒரு நூறு ரூபா அனுப்பி, ஓடிபி புது நம்பருக்கு வருதா, அவ கைக்கு காசு போகுதான்னு பாத்துட்டு போர்டிங் காச அனுப்புங்க. நம்பர் மாத்தின புதுசுல சில பேங்க் கொஞ்ச நாளைக்கு பெரிய தொகை அனுப்ப விடாது, அப்படி வந்தா பயப்படாதீங்க, அது பாதுகாப்புக்கு போட்ட எல்லை, ஹொட்லைன்ல கேட்டா எத்தன நாள்னு சொல்லுவாங்க.

சொன்ன நாள் தாண்டி ஒண்ணும் நடக்கலன்னா, சீல் வச்ச கொப்பியோட மேனேஜரையே பாருங்க, கவுண்டர்ல மறுபடி புது லெட்டர் குடுக்க வேணாம், புதுசு குடுத்தா வரிசையும் புதுசா தொடங்கும். அதுக்கும் பதில் இல்லன்னா பேங்கோட முறைப்பாட்டுப் பிரிவுக்கு எழுத்துல குடுங்க, அதுக்கும் மசியலன்னா மத்திய வங்கியில நிதியியல் நுகர்வோர் தொடர்புகள் திணைக்களம் இருக்கு, 1935க்கு எடுத்தா எப்படி முறையிடுறதுன்னு சொல்லுவாங்க. ஆனா அவங்க மொதல்ல கேக்கிறது "பேங்குக்கு எழுத்துல குடுத்தீங்களா, கொப்பி இருக்கா"ன்னு தான். நான் பாத்த வரைக்கும் நம்பர், யூசர் ஐடி, கையெழுத்து மூணும் சரியா இருந்த லெட்டர் அவ்வளவு தூரம் போனதில்ல.

புது பாஸ்வேர்ட மகன்கிட்ட சொல்லாதீங்க டீச்சர். அவன் நல்ல பிள்ளை தான், ஆனா அன்னைக்கு நீங்க ரெண்டு தடவையோட நிறுத்தியிருந்தா இன்னும் மூணு தடவ மிச்சம் இருந்திருக்கும்.